போட்ட காசு திரும்ப வருங்களா?

திருப்பூரில் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கும் ஒருவர், பாலிசி எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான் என்கிறார். "போட்ட காசு திரும்ப வருங்களாண்ணா?" தான் இல்லாமல் போனால் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று தானாகக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இளைஞர்களுக்கு இங்கே காப்பீடு எப்படி விற்கப்பட்டு வந்தது என்பதை அந்த ஒரு கேள்வியை வைத்தே விளக்கிவிடலாம்.

காசு திரும்ப வரும் பாலிசி எண்டோமென்ட். இருபது, இருபத்தைந்து ஆண்டு கட்டிமுடித்தால் காப்பீட்டுத் தொகையும் சேர்ந்த போனஸும் கையில் கிடைக்கும். நடுவில் இறந்தால் குடும்பத்துக்குப் போகும். டெர்ம் பாலிசியில் இறந்தால் மட்டுமே பணம். உயிரோடு இருந்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. அவர் தொழிலுக்கு வந்த காலத்திலும் எல்.ஐ.சி.யிடம் டெர்ம் பாலிசிகள் இருந்தன. விளக்கப் புத்தகத்தில் அவற்றுக்குப் பக்கமும் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. திருப்பச் சொன்னதும் இல்லை.

காரணம் கமிஷன் கணக்கு. நீண்டகாலம் அமலில் இருந்த சட்ட வரம்புப்படி, முதலாண்டு பிரீமியத்தில் 35 சதவீதம் வரை முகவருக்குக் கொடுக்கலாம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 7.5 சதவீதம், அதன்பின் 5 சதவீதம். ஆண்டுக்கு 40,000 ரூபாய் எண்டோமென்ட் பிரீமியம் பிடித்தால் முதல் வருடம் 14,000 ரூபாய். 12,000 ரூபாய் டெர்ம் பிரீமியத்துக்கு அதே விகிதம் கிடைத்தாலும் 4,200 ரூபாய்தான். வீடு வீடாக ஏறி இறங்கும் வேலை இரண்டுக்கும் ஒன்று. டெர்முக்கு மருத்துவப் பரிசோதனைக்கு ஆளைக் கூட்டிப்போகும் அலைச்சல் வேறு. டெவலப்மென்ட் ஆபீசர் மாதக் கடைசியில் கேட்பதும் மொத்தப் பிரீமியம் எவ்வளவு என்றுதான். எத்தனை குடும்பத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று கேட்கும் பட்டியல் எதுவும் இல்லை. 2023-ல் ஒழுங்குமுறை ஆணையம் பாலிசி வாரியான கமிஷன் உச்சவரம்பை நீக்கி, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு வரம்பு வைத்தது. முகவர் எதை முதலில் எடுத்து நீட்டுவார் என்பது அதனால் பெரிதாக மாறிவிடவில்லை.

எண்டோமென்ட்டை ஒரேயடியாகத் திட்டுவதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் எத்தனையோ பைனான்ஸ் கம்பெனிகள் கதவைச் சாத்தின. கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு மகள் கல்யாணப் பணத்தைப் போட்டவர்கள் ரசீதும் கையுமாக நின்றார்கள். அதே தெருவில் எல்.ஐ.சி.யில் கட்டியவருக்குச் சொன்ன தேதியில் காசோலை வந்தது. எல்.ஐ.சி. பாலிசிகளுக்கு மத்திய அரசின் உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது. பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கி வாரத்திலேயே செலவழித்துவிடும் மனிதருக்கு, கட்டாவிட்டால் போய்விடும் என்ற பயம்தான் சேமிக்க வைத்தது. அப்படிச் சேர்ந்த பணத்தில் நடந்த கல்யாணங்களுக்கு முகவரே போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

ஆனால் அதே காலத்தில் பி.பி.எஃப். கணக்கு 12 சதவீத வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லி அழைத்துப்போக யாருக்கும் கமிஷன் இல்லை.

பாலிசியின் அளவு என்ற கேள்வி அவருக்கு உறைத்தது ஒரு கிளெய்மின்போது. ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்த இளைஞர். வயது 33, மாதச் சம்பளம் 38,000 ரூபாய். மனைவி, மூன்று வயதுப் பையன், அப்பா, அம்மா. பாலிசி விஷயத்தில் அக்கறையானவர் என்று சொந்தத்தில் பெயர் எடுத்தவர். வேறு வேறு ஆட்களிடம் எடுத்த மூன்று பாலிசிகளுக்குமாக ஆண்டுக்கு 58,000 ரூபாய் கட்டிவந்தார். ஐந்து வருடம் ஒரு தவணையும் தவறவில்லை. ஒருநாள் அதிகாலையில் மாரடைப்பு.

மனைவியின் அண்ணன் பாலிசிப் பத்திரங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஐந்து லட்ச ரூபாய் எண்டோமென்ட் ஒன்று, மூன்று லட்ச ரூபாய் மணிபேக் ஒன்று, பையன் பேரில் இரண்டு லட்சத்துக்கு ஒன்று. மூன்றையும் கூட்டிப் பத்து லட்சம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். பையன் பேரில் உள்ள பாலிசியில் காப்பீடு செய்யப்பட்டது பையனின் உயிர். அப்பா இறந்ததற்கு அதில் பணம் வராது. அப்பா இறந்தால் மீதித் தவணையைத் தள்ளுபடி செய்யும் துணைத்திட்டத்தைச் சேர்த்திருந்தால் பிரீமியமாவது நின்றிருக்கும். அதையும் சேர்க்கவில்லை.

மிஞ்சிய இரண்டிலும் எட்டு லட்சம், ஐந்தாண்டு போனஸாகச் சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரம். கிளெய்மில் எந்தச் சிக்கலும் இல்லை, பணம் ஒழுங்காக வந்துசேர்ந்தது. நகைக்கடன், வண்டிக்கடன், சொந்தக்காரர்களிடம் வாங்கியது என்று இரண்டரை லட்சம் போக, ஏழு லட்சம் நின்றது. அதை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் நாலாயிரம் ரூபாய் வட்டி. அவர்கள் குடியிருந்த வீட்டின் வாடகை ஏழாயிரம்.

ஒரு ரூபாயும் ஏமாற்றப்படாமல், ஒரு நாளும் தாமதிக்காமல் எல்லாம் சரியாக நடந்து, அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது வாடகைக்கே போதாத தொகை. அந்த இளைஞர் கட்டிய 58,000-ல் ஐந்தில் ஒரு பங்கை டெர்முக்கு ஒதுக்கியிருந்தால் ஒரு கோடி ரூபாய்க்கு அருகில் பாதுகாப்பு இருந்திருக்கும். எண்டோமென்ட்டில் காப்பீட்டுத் தொகையைத் தீர்மானிப்பது குடும்பத்தின் தேவை அல்ல, கட்ட முடிகிற பிரீமியம் எவ்வளவு என்பது. இளம் வயதில் கட்ட முடிகிறது குறைவு. தேவையோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்பதுதான் அந்த மூன்று பத்திரங்களில் முகவர் கண்டது.

அதற்குப் பிறகு வாடிக்கையாளர் முன்னால் அவர் ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டும் வழக்கம் வந்தது. 28 வயதுப் பையன், ஆண்டுக்கு 40,000 ரூபாய் ஒதுக்க முடியும், 25 வருடம் என்று வைத்துக்கொள்வார். இடது பக்கம் எண்டோமென்ட். அந்தப் பிரீமியத்துக்குக் காப்பீட்டுத் தொகை சுமார் பத்து லட்சம். போனஸ் ஆயிரத்துக்கு 45 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 45,000; 25 ஆண்டில் 11,25,000. முடிவில் கிடைக்கக்கூடிய கூடுதல் போனஸ் நாலு லட்சம் என்று தாராளமாகவே சேர்த்தால் மொத்தம் இருபத்தைந்தேகால் லட்சம். கட்டியது பத்து லட்சம். பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கும். வருட வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய ஆறரை சதவீதம். கூடுதல் போனஸ் வராவிட்டால் ஐந்தரைக்கும் கீழே. போனஸ் விகிதம் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவது, முன்கூட்டி உறுதி தரப்படுவதில்லை.

வலது பக்கம் அதே 40,000. அதில் சுமார் 12,000 ரூபாயில் ஒரு கோடிக்கு டெர்ம். புகைப்பழக்கம் இல்லாத, உடல்நலமுள்ள இளைஞருக்கு அந்த அளவில் கிடைக்கிறது. மீதி 28,000 பி.பி.எஃப்.பில். பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கொள்ளலாம். 2020 ஏப்ரலில் அறிவித்த 7.1 சதவீதமே கடைசிவரை நீடிப்பதாகக் கொண்டால், 25 வருட முடிவில் 19 லட்சத்துச் சொச்சம்.

இங்கேதான் கேட்பவர் நிமிர்ந்து உட்கார்வார். "என்னண்ணா, இடது பக்கம்தான அதிகமா வருது?"

வரத்தான் செய்கிறது. டெர்ம் எடுத்து மீதியைச் சேமித்தால் எப்போதும் கையில் அதிகம் நிற்கும் என்று மேடையில் பேசுகிறவர்களை அவர் நம்புவதில்லை. பி.பி.எஃப். போன்ற பத்திரமான இடத்தில் போட்டால் முடிவுத் தொகை எண்டோமென்ட்டை ஒட்டியோ, கொஞ்சம் குறைவாகவோதான் இருக்கும். மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் கூடலாம், அதற்கு உத்தரவாதம் கிடையாது. வித்தியாசம் கடைசி வருடத்தில் இல்லை. நடுவில் உள்ள 25 ஆண்டுகளில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் எப்போது எது நடந்தாலும் இடது பக்கக் குடும்பத்துக்குப் பத்து லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும். வலது பக்கக் குடும்பத்துக்கு ஒரு கோடியும் அதுவரை சேர்ந்த பி.பி.எஃப். பணமும். முடிவில் ஐந்தாறு லட்சம் குறைவது அந்தத் தொண்ணூறு லட்சப் பாதுகாப்பின் விலை. அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், மறைத்து விற்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அந்தத் தாளில் வராத இன்னொரு வித்தியாசமும் உண்டு. இருபத்தைந்தேகால் லட்சம் என்பது 25 வருடமும் விடாமல் கட்டியவருக்கு. திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் போகும், ஓவர்டைம் போனால் முதலில் நிற்பது பாலிசித் தவணை. ஐந்து வருடம் கட்டி இரண்டு லட்சம் செலுத்தியவர் பாலிசியைச் சரண்டர் செய்தால், உத்தரவாதமாகக் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதி. 2024 அக்டோபர் 1 முதல் வந்த புதிய விதிகளால், ஓராண்டு பிரீமியம் கட்டிவிட்டவருக்கும் ஒரு சரண்டர் மதிப்பு கிடைக்க வழி பிறந்தது. அதற்கு முன் எடுத்த பழைய பாலிசிகள் தங்கள் பத்திரத்தில் உள்ள நிபந்தனைப்படியே நடக்கும்.

டெர்முக்குத் தேவை எவ்வளவு என்பதற்கு அவரிடம் சிக்கலான சூத்திரம் எதுவும் இல்லை. சம்பாதிக்கிறவரின் சொந்தச் செலவை நீக்கிவிட்டு வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பார். 25,000 என்றால் ஆண்டுக்கு மூன்று லட்சம். மனைவிக்கும் பிள்ளைக்கும் முப்பது வருடம் அது வேண்டும் என்றால் தொண்ணூறு லட்சம். வங்கி வட்டியும் விலைவாசி ஏற்றமும் ஏறக்குறைய ஒன்றையொன்று தின்றுவிடுவதால் இந்த எளிய பெருக்கலே போதும். அதோடு கடன், தங்கச்சி கல்யாணம் மாதிரி வரப்போகும் பெரிய செலவு. அதிலிருந்து ஏற்கெனவே இருக்கும் சேமிப்பைக் கழித்துக்கொள்ளலாம். பாலிசி எத்தனை வயது வரை என்பதற்கும் அதே நேரடிப் பதில்: சம்பளம் நிற்கும் வயது வரை. 85 வயது, 99 வயது வரை என்று நீட்டினால் பிரீமியம் ஏறும். அந்த வயதில் அவர் சம்பாத்தியத்தை நம்பி இருப்பவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

போட்ட காசு திரும்ப வரவேண்டும் என்ற ஆசைக்கு இப்போது டெர்மிலேயே ஒரு வகை வந்துவிட்டது. காலம் முடிந்தால் கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தருவார்கள். பிரீமியம் சாதாரண டெர்மைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முப்பது வருடம் கழித்து வட்டியில்லாமல் திரும்பும் பணத்துக்காக இன்று கூடுதலாகக் கட்டுவதைவிட, அந்தக் கூடுதலை ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டாலே அதிகம் நிற்கும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

டெர்ம் வாங்குவதில் தடுக்கி விழுகிற இடம் வேறு. 2009 வாக்கில் இணையத்தில் டெர்ம் விற்க ஆரம்பித்த பிறகு விலை குறைந்தது, முகவரும் தேவைப்படவில்லை. படிவத்தை யார் நிரப்புகிறார் என்பது அப்போதுதான் பிரச்சினையானது. சாயப்பட்டறை மேற்பார்வையாளர் ஒருவர் நண்பரை வைத்து இணையத்தில் ஐம்பது லட்சத்துக்கு எடுத்தார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதும் பீடிப் பழக்கமும் நண்பருக்குத் தெரியும். பிரீமியம் ஏறிவிடுமே என்று இரண்டுக்கும் 'இல்லை' என்று தட்டிவிட்டார். இரண்டாம் வருடத்தில் மேற்பார்வையாளர் இறந்தார். நிறுவனம் மருத்துவமனைக் குறிப்புகளை வாங்கிப் பார்த்தது. மூன்று வருடமாகச் சர்க்கரை இருப்பதாக மருத்துவரே எழுதியிருந்தார். கிளெய்ம் மறுக்கப்பட்டது, கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பியது. பாலிசி எடுத்தது தெரியாமல் இருந்து, பிறகு தெரிந்து, அதுவும் போய், அவர் மனைவி முகவரைத் தேடி வந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை.

காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, பாலிசி எடுத்து மூன்று ஆண்டு கடந்துவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் அதை நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது என்கிறது. அதை நம்பிப் பொய் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று வருடம் உயிரோடு இருப்போம் என்பதற்கு உத்தரவாதம் இருந்தால் இந்தப் பாலிசியே தேவையில்லை என்பது அவர் பதில்.

இதற்கு நேர்மாறாக ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி டிசைனர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதைப் படிவத்தில் எழுதினார். பரிசோதனை முடிந்து பிரீமியத்தை நாலாயிரம் ஏற்றிச் சொன்னார்கள். முனகிக்கொண்டே கட்டினார். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் போனார். எழுபத்தைந்து லட்சம், கேள்வி எதுவும் வராமல், மனைவியின் கணக்குக்கு வந்தது. வீட்டுக்கடன் அடைபட்டது, மகள் பள்ளி மாறவில்லை.

கடன் உள்ளவர்களுக்கு அவர் இன்னொன்றும் சொல்வார். திருமணமான ஆண் பாலிசி எடுக்கும்போதே, 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் என்று எழுதிக்கொடுத்துவிட்டால், அந்தப் பணம் மனைவி மக்களுக்கே உரியது. கடன்காரர்கள் கைவைக்க முடியாது. சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்து நூல் கடையிலும் வங்கியிலும் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். பாலிசி எடுத்த பிறகு சேர்க்க முடியாது என்பதால் கையெழுத்துப் போடும் நேரத்திலேயே கேட்க வேண்டும்.

டெர்ம் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதும் இல்லை. நிறுவனங்கள் வருமானச் சான்று கேட்கின்றன. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, வருமானவரிக் கணக்கும் கிடையாது. மாதம் முப்பதாயிரம் தைத்தாலும் காகிதத்தில் அவருக்கு வருமானமில்லை. அப்படிப்பட்டவர்களை அவர் முதலில் வங்கிக்கு அனுப்புகிறார். 2015-ல் வந்த பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் ஆண்டுக்கு 436 ரூபாயில் இரண்டு லட்சத்துக்குச் சேரலாம். இரண்டு லட்சம் போதாது. வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று ஆண்டு கணக்குத் தாக்கல் செய்துவந்தால் பெரிய தொகைக்கு விண்ணப்பிக்க வழி கிடைக்கும் என்றும் சொல்லி வைக்கிறார்.

அண்மையில் இரண்டு மாற்றங்கள் கணக்கை டெர்ம் பக்கம் சாய்த்திருக்கின்றன. முன்பு ஒவ்வொரு மார்ச் மாதமும் வரிச்சலுகைக்காகவே எண்டோமென்ட் அவசர அவசரமாக விற்கும். புதிய வருமானவரி முறையில் 80சி கழிவு இல்லை என்பதால் அந்தக் கூட்டம் கரைந்துவருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. அதுவரை டெர்ம் பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் கட்டவேண்டியிருந்தது.

ஏற்கெனவே எண்டோமென்ட் எடுத்து ஐந்தாறு வருடம் கட்டிவிட்டு இதைப் படிக்கிறவர்கள் செய்ய வேண்டியதையும் அவர் வரிசையாகச் சொல்கிறார். முதலில் டெர்முக்கு விண்ணப்பித்து, பத்திரம் கைக்கு வரும்வரை பழைய பாலிசியை நிறுத்தக் கூடாது. பரிசோதனையில் ஏதாவது வந்து டெர்ம் மறுக்கப்பட்டால் இருப்பதும் போய்விடும். பத்திரம் வந்தபின் கிளை அலுவலகத்தில் இரண்டு தொகைகளை எழுத்தில் கேட்க வேண்டும்: இன்று சரண்டர் செய்தால் எவ்வளவு, தவணையை நிறுத்திப் பெய்டு-அப் ஆக்கினால் முதிர்வில் எவ்வளவு. பத்து லட்ச ரூபாய் பாலிசியில் 25-ல் ஐந்து வருடம் கட்டியிருந்தால், ஐந்தில் ஒரு பங்கான இரண்டு லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும் பாலிசி முடியும்போது கிடைக்கும். கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. முதிர்வுக்கு நாலைந்து வருடமே பாக்கி என்றால் அப்படியே கட்டி முடித்துவிடலாம். எடுத்து முப்பது நாள்கூட ஆகவில்லை என்றால், பத்திரம் கைக்கு வந்த தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துச் சிறு பிடித்தம் போக முழுப்பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். டெர்ம் எடுத்தவர்கள் தவணையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும்படி வைத்து, பாலிசி எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் நாமினிக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.